இலக்கைத் தட்டிலிருந்து கணக்கிடுதல்

எடை குறைக்க விரும்புவோர் பெரும்பாலும் ஓர் எண்ணிலிருந்து தொடங்குகின்றனர்: வாரத்துக்கு அரைக் கிலோ. திறன்பேசிச் செயலிகளும் முதலில் வார இலக்கைத்தான் கேட்கின்றன. அதை நாளொன்றுக்கான கலோரிக் குறைவாக மாற்றி, எஞ்சியிருப்பதை உண்ண வேண்டிய அளவு என அறிவிக்கின்றன. கணக்கில் பிழை இல்லை. கணக்குத் தொடங்கும் இடம்தான் பொருந்தவில்லை. பல்கலைக்கழக விடுதியில் உண்டு வாழும் ஆய்வு மாணவர், தம் தட்டில் எதைக் குறைக்க இயலும் என்பதை முதலில் பார்த்து, அதிலிருந்து வார இலக்கைப் பெறுவதே முறையானது.

வழக்கமான கணக்கை முதலில் பார்ப்போம். உடற்கொழுப்புத் திசு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என 1958இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி எழுதியதன் கிலோ வடிவம் இது. (அன்றாட வழக்கில் கலோரி என்பது கிலோகலோரியே, இங்கும் அப்படியே.) அரைக் கிலோவுக்கு 3,850, ஏழு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 550 கலோரி குறைய வேண்டும்.

ஹைதராபாத் விடுதி ஒன்றில் வாழும் ஓர் ஆய்வு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 27, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ. பகலெல்லாம் நூலகத்திலும் மேசையிலும் கழிகிறது. உயரம், எடை, வயது கொண்டு கணிக்கும் வழக்கமான சமன்பாட்டின்படி, அசையாமல் படுத்திருந்தாலே அவர் உடல் நாளுக்கு ஏறத்தாழ 1,370 கலோரி செலவிடும். அன்றாட அசைவுகளையும் சேர்த்தால் 1,920 அளவில் வரும். அதில் 550ஐக் கழித்தால் கிடைப்பது 1,370. அதாவது, படுத்தே கிடக்கும் உடலுக்கான அளவை உண்டு அவர் ஒரு முழு வேலைநாளை ஓட்ட வேண்டும். அந்த 550 முழுவதும் இரவு உணவிலிருந்தே வர வேண்டுமானால், இரவுத் தட்டில் மிஞ்சுவது பருப்பும் தயிரும் சிறிதளவு சோறுமே. அரைக் கிலோ என்னும் இலக்கு அவர் உடலுக்கும் தட்டுக்கும் பெரிது என்பது கணக்கிலேயே தெரிகிறது.

இனி எதிர்த்திசையில் வருவோம். அவருடைய வழக்கமான இரவு உணவு இது: வடித்த சோறு 350 கிராம், பருப்பு ஒரு கிண்ணம், உருளைக்கிழங்கு வறுவல் 100 கிராம், பொரித்த அப்பளம் ஒன்று, தயிர் 100 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சேர்க்கை அட்டவணைகள் பெரும்பாலும் சமைக்காத பொருள்களுக்கானவை. நூறு கிராம் அரிசியின் ஏறத்தாழ 355 கலோரியை அப்படியே சோற்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. வடித்தபின் நீர் சேர்ந்து எடை மூன்று மடங்கை நெருங்குவதால், நூறு கிராம் சோற்றில் 130 அளவே இருக்கும். அவ்வகையில் சோறு 455, பருப்பு 120, வறுவல் 180, அப்பளம் 60, தயிர் 65; மொத்தம் 880 கலோரி.

இதில் எதைக் குறைக்கலாம்? சோற்றைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 227 குறையும். வறுவலையும் பாதியாக்கினால் 90, அப்பளத்தை விட்டால் 60. ஆக 377. ஆனால் அதோடு நிறுத்தினால் தட்டு வெறிச்சோடிவிடும், புரதமும் போதாது. ஆகவே அரைக் கிண்ணம் பருப்பையும் மூன்று கரண்டித் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். அவற்றுக்கு 100 கலோரி போகட்டும். வெள்ளரி, முள்ளங்கி கிடைத்தால் தட்டை நிறைக்கலாம். அவற்றின் கலோரி பொருட்படுத்தத் தக்கதன்று. நிகரமாகக் கிடைக்கும் குறைவு 277. இரவு உணவு 880இலிருந்து 600 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இருப்பினும் அது உணவாகவே இருக்கிறது.

வாரத்தில் ஒருநாள் நண்பர்களோடு பிரியாணி உண்பது அவர் வழக்கம். அந்த நாளைத் தவறென்று கணக்கில் எழுத வேண்டியதில்லை. அவ்வழக்கம் இருந்தபோதே அவர் எடை நிலையாக இருந்ததால், அது ஏற்கெனவே பழைய சமநிலையின் பகுதி. அந்த இரவில் குறைவு எதுவும் கிடைக்காது, அவ்வளவே. மீதி ஆறு இரவுகளுக்கு 1,660 கலோரி. 7,700ஆல் வகுத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 215 கிராம். அவருடைய உண்மையான வார இலக்கு இதுவே.

இம்முறையின் சிறப்பு, நாள் முழுவதும் உண்டதை எண்ண வேண்டியதில்லை என்பது. விடுதியில் உண்பவர் தம் மொத்த உணவைக் கணக்கிடும்போது ஐந்நூறு கலோரி பிசகுவது அரிதன்று. இட்லியின் அளவும் குழம்பின் எண்ணெயும் நாளுக்கு நாள் மாறும். ஆனால் ஒரு வேளை உணவில் எதைக் குறைத்தோம் என்ற வேறுபாட்டை ஓரளவு துல்லியமாகவே அறியலாம். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதம் எடை நிலையாக இருந்திருக்க வேண்டும், பிற வேளைகளின் உணவு மாறாதிருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை பெரும்பாலும் முறிவது இரவு பதினொரு மணிக்கு. விடுதி மெஸ்ஸில் ஏழரைக்கு உண்டுவிட்டு, ஒரு மணிவரை எழுதுபவருக்கு நடுவே ஐந்தரை மணிநேரம் இருக்கிறது. எழுபது கிராம் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்று 300 கலோரிக்கு மேல் தரும். அன்றைய குறைவு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே மெலிந்த இரவு உணவு போதுமானதா என்பதை மெஸ் மேசையில் அன்று, பதினொரு மணிக்குத்தான் சோதிக்க முடியும். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் பசி படிக்கவிடாமல் செய்தால், குறைத்தது அதிகம் என்று பொருள். அப்போது மனவுறுதியைக் குறை கூறுவதைவிடச் சோற்றை அரைக் கரண்டி கூட்டுவதும், தயிரை மட்டும் பத்து மணிக்கு எடுத்துவைப்பதும் மேல். இலக்கு 215 கிராமிலிருந்து 150ஆகக் குறையும். ஆனால் அது நடக்கும்.

இரவு உணவைத் தேர்ந்ததற்குக் காரணமும் இதோடு தொடர்புடையது. இரவில் உண்பது மட்டும் தனியே கொழுப்பாக மாறும் என்ற பரவலான நம்பிக்கையை நாட வேண்டியதில்லை. பலருக்கு இரவு உணவே பெரியது. அவசரமின்றி அமர்ந்து, தாமே பரிமாறிக்கொள்ளும் வேளையும் அதுவே. காலையில் வகுப்புக்கு ஓடுபவரால் அளவைக் கவனிக்க இயலாது. இரவில் சிற்றளவும் மதியம் பேரளவும் உண்பவர் மதிய உணவில்தான் கைவைக்க வேண்டும்.

விளைவை அறிவதில் இன்னொரு சிக்கல் உண்டு. உடல் எடை நாளுக்கு நாள் ஒரு கிலோ வரையிலும் ஏறி இறங்கும். உப்பு, நீர், குடலில் இருக்கும் உணவு ஆகியவற்றால் வருவது அது. அந்த அசைவில் 215 கிராம் தெரியாது. சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் எடை சட்டென இறங்கலாம். உடலில் மாவுச்சத்தாகச் சேர்ந்திருந்த இருப்பு குறையும்போது அதோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுவதே காரணம். கொழுப்பு அவ்வளவு கரைந்துவிடவில்லை. அடுத்த இரு வாரங்களில் முள் நகராததைக் கண்டு பலர் கைவிடுவது அந்த முதல் வார மகிழ்ச்சியின் விலை. காலையில் எழுந்ததும் தினமும் எடைபார்த்து, ஏழு நாள்களின் சராசரியை எழுதி, இரண்டாம் வாரச் சராசரியை ஆறாம் வாரச் சராசரியோடு ஒப்பிடுவது நம்பத்தக்கது. பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியில் நீர் சேர்வதால், நான்கு வார இடைவெளியே பொருத்தம். இந்த மாணவிக்கு அவ்விடைவெளியில் முக்கால் கிலோ அளவில் குறைந்தால் கணக்குச் சரி. எதுவுமே குறையாவிட்டால், கரண்டி அளவு மெல்லப் பெருத்துவிட்டதா, பதினொரு மணிப் பொட்டலம் திரும்பிவிட்டதா எனப் பார்க்க வேண்டும்.

இந்த வேகமும் என்றென்றும் நீடிக்காது. வாரத்துக்கு 215 கிராம் என்றால் ஆண்டுக்கு 11 கிலோ என்று பெருக்கிவிடுவது எளிது. ஆனால் எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. அதே தட்டு தரும் இடைவெளி சுருங்குகிறது. கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011இல் லான்செட் இதழில் முன்வைத்த தோராய விதிப்படி, நாளுக்கு 24 கலோரி நிலையான குறைவு இறுதியில் ஒரு கிலோவைக் குறைக்கும். அதில் பாதி வரவே ஏறத்தாழ ஓராண்டு ஆகும். வாரம் 1,660 என்பது நாளுக்கு 237. ஆகவே முதலாண்டில் 5 கிலோ, பல ஆண்டுகளில் மொத்தம் 10 கிலோ. பதினொன்றை எதிர்பார்த்தவருக்கு ஐந்து தோல்வியாகத் தெரியும். ஐந்தை எதிர்பார்த்தவர் அந்தத் தட்டைத் தொடர்வார்.

இவ்வளவுக்குப் பின்னும் தனிமனிதர் கைக்கு எட்டாத ஓர் அளவு எஞ்சுகிறது: எண்ணெய். கறியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைத் தட்டைப் பார்த்து அறிய இயலாது. ஆனால் மெஸ் கொள்முதல் பதிவேட்டைப் பார்த்து அறியலாம். இருநூறு பேர் உண்ணும் மெஸ்ஸில் வாரம் 15 கிலோ டின் மூன்று தீர்கிறது என வைத்துக்கொண்டால், தலைக்கு நாளொன்றுக்கு 32 கிராம். அதாவது 290 கலோரி. மாணவியின் இரவுக் குறைவு முழுவதையும் விட அது சற்று அதிகம். மெஸ் குழுக்கள் மாதக் கட்டணப் பட்டியலோடு தலைக்குரிய எண்ணெய் அளவையும், சோற்றுக் கரண்டி எத்தனை கிராம் என்பதையும் அறிவிப்புப் பலகையில் இடலாம். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்களை வகுத்தாலே போதும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இரவு மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இதைத் தொடங்கக் கூடாது. கருவுற்றவர்களுக்கும், உணவோடு ஏற்கெனவே போராடிவருபவர்களுக்கும் இந்தக் கணக்கு உரியதன்று. மற்றவர்களுக்கு, செயலியில் இலக்கை உள்ளிடும் முன் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு வாரம், இரவு உணவில் பரிமாறிக்கொண்ட கரண்டிகளை மட்டும் எண்ணி எழுதி வைப்பது. வார இலக்கு என்னவாக இருக்க முடியும் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.