சரியாக எழுதிய வரிகளையும் படியுங்கள்

ஆனேக்கல் தாலுக்காவில் அத்திப்பள்ளிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்று. நான்காம் வகுப்புக் கன்னட நோட்டு ஒன்றிலிருந்து ஐந்து வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். நோட்டைக் காட்டிய ஆசிரியை நம் வாசகர். குழந்தையின் பெயர் இங்கே தேவையில்லை.

அண்ண சந்தெகெ ஹோதனு. அக்க சந்தெகெ ஹோயித்து. ஹசு நீரிகெ ஹோயித்து. அக்கந்திரு ஜாத்ரெகெ ஹோதரு. டீச்சர் மனெகெ ஹோதரு.

அண்ணன் சந்தைக்குப் போனான், அக்கா போனாள், பசு தண்ணீருக்குப் போனது, அக்காமார் திருவிழாவுக்குப் போனார்கள், டீச்சர் வீட்டுக்குப் போனார். சொல்ல வந்தது இவ்வளவுதான். இரண்டாவது வாக்கியத்தில் 'ஹோதளு' என்று வந்திருக்க வேண்டும். அங்கே சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் சரியான சொல், கீழே பத்து முறை எழுதச் சொன்ன குறிப்பு. குழந்தை பத்து முறை எழுதியும் இருக்கிறது. அடுத்த வாரத்துப் பக்கத்தில் 'அம்ம ஹோயித்து' என்று வந்திருக்கிறது.

வட்டம் போட்ட வரியை மட்டும் பார்த்தால் குழந்தைக்குப் பால் விகுதி தெரியவில்லை என்று தோன்றும். அது தவறான முடிவு. அண்ணனுக்குச் சரியான விகுதி வந்திருக்கிறது, பசுவுக்கு வந்திருக்கிறது, பல அக்காமாருக்கும் வந்திருக்கிறது. மரியாதைக்குரிய டீச்சரும் பெண்தான், அவருக்கும் சரியாகவே வந்திருக்கிறது. சறுக்கியது ஒரே ஓர் இடத்தில்: ஒரே பெண், மரியாதைப் பன்மை இல்லாத இடம். இவ்வளவு ஒழுங்காக ஓர் இடத்தில் மட்டும் தவறும் குழந்தை கவனக்குறைவாக எழுதவில்லை. அது ஓர் இலக்கணத்தைப் பின்பற்றி எழுதியிருக்கிறது. அந்த இலக்கணம் வீட்டில் பேசும் தெலுங்கு.

தெலுங்கில் அண்ணன் 'போயாடு', அக்கா 'போயிந்தி', பசுவும் 'போயிந்தி'. ஒருமையில் பெண்ணும் அஃறிணையும் ஒரே விகுதியை எடுக்கும். பன்மைக்கு வந்தால் கணக்கு மாறிவிடும். அக்காமார் ஆண்களோடு சேர்ந்து 'போயாரு' என்பார்கள், பசுக்கள் தனியே நிற்கும். மரியாதையாகச் சொல்லும்போது டீச்சரும் 'போயாரு'தான். நோட்டில் எங்கே சரி, எங்கே தவறு என்று பார்த்தால் இந்த அட்டவணை அப்படியே விழுந்திருக்கிறது. அதே நோட்டின் இன்னொரு பக்கத்தில் 'அவளு ஹோயித்து' என்றும் ஒரு வரி. பெயர்ச்சொல் சரி, வினை தவறு. தெலுங்கில் 'ஆமெ' என்று பெண்ணுக்குத் தனிச்சொல் உண்டு, ஆனால் அதற்கும் வினை 'போயிந்தி'தான். நமக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இந்தப் பகுதியில் இது அபூர்வமான நிலை அல்ல. ஆனேக்கல்லிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர். எல்லைக்கு இரு பக்கமும் தெலுங்கு, கன்னடம், தமிழ், தக்கனி உருது பேசும் வீடுகள் ஒரே தெருவில் இருக்கின்றன. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ் கற்பதையும், கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடம் கற்பதையும் பள்ளிகளில் கட்டாயமாக்கின. வீட்டில் இல்லாத மொழியில் எழுதியாக வேண்டிய குழந்தைகள் இரு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுடைய நோட்டுகளை எப்படிப் படிப்பது என்பதை ஆசிரியர் பயிற்சியில் போதிய அளவு சொல்லித்தருவதில்லை என்பது நம் ஆதங்கம்.

1957இல் ராபர்ட் லேடோ என்ற அமெரிக்க மொழியியலாளர் இரண்டு மொழிகளின் அமைப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், கற்பவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று வாதிட்டார். வகுப்பறையில் அது முழுக்கப் பலிக்கவில்லை. எதிர்பார்த்த பிழைகள் பல வரவில்லை, எதிர்பாராதவை வந்தன. பத்து ஆண்டு கழித்து, 1967இல், பிட் கார்டர் என்ற மொழியியலாளர் திசையைத் திருப்பினார். முதலில் பிழையைப் பாருங்கள், அது கற்பவரின் மனதில் உருவாகிவரும் இலக்கணத்துக்குச் சாட்சி என்றார். கைதவறலையும் பிழையையும் அவர் பிரித்துக் காட்டியதுதான் ஆசிரியருக்கு இன்றும் முதல் படி. வட்டம் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, 'இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுப் பாரும்மா' என்றால் போதும். கைதவறல் என்றால் குழந்தை தானே திருத்திவிடும். அக்கா வாக்கியத்தை நம் குழந்தை மூன்று முறை படித்தாலும் அதில் ஒரு குறையும் காணாது. அதன் இலக்கணத்தில் அது சரியான வாக்கியம்.

ஆனால் 'அக்க ஹோயித்து' என்று கண்டவுடன் தெலுங்கு வீடு என்று தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. தமிழ் வீட்டுக் குழந்தையும் இதே வாக்கியத்தை எழுதும். நம் பேச்சில் பல ஊர்களில் 'அம்மா வந்துச்சு, அக்கா போயிருச்சு' என்பது சாதாரணம். இரண்டையும் பிரிக்கும் வழி அதே நோட்டில்தான் இருக்கிறது. அப்படிப் பேசும் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் 'தாத்தா வந்துச்சு, அப்பா வந்துச்சு' என்றும் சொல்வார்கள். அங்கே அது பால் பற்றியது அல்ல, உரிமையும் பிரியமும் பற்றியது. ஆகவே 'அஜ்ஜ ஹோயித்து' என்று தாத்தாவுக்கும் அதே விகுதி வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். வந்திருந்தால் தமிழ்ப் பேச்சின் பக்கம் பார்க்கலாம். ஆண்களுக்கு ஒருபோதும் வராமல், தனிப் பெண்ணுக்கு மட்டும் வந்தால் தெலுங்கு.

ஆராய்ச்சிக்காக இவ்வளவு பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை. மருந்து வேறு என்பதற்காகத்தான். தமிழ்க் குழந்தைக்குப் 'போனாள்' தெரியும். எழுத்தில் அதைப் போடவேண்டும் என்று சொன்னால் போதும். தெலுங்குக் குழந்தைக்கு ஒருமைப் பெண்ணுக்கென்று ஒரு தனி அறை இருப்பதே புதிய செய்தி. அக்காவையும் பசுவையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்து, ஒருமையிலும் பன்மையிலும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தால்தான் அந்த அறை திறக்கும். 'ஹோதளு' என்று பத்து முறை எழுதுவதில் கைக்குத்தான் பயிற்சி.

தமிழ் வீட்டுக் குழந்தைகளுக்கென்றே ஒரு பிழை உண்டு, அது எழுத்தில் தெரியும். 'வேண்டும்' என்பதற்குக் கன்னடம் 'பேகு'. நடுவில் இருப்பது 'அக்கா'வில் ஒலிக்கும் வல்லோசைக் க, ஆனால் ஒற்றை. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றைக் க வந்தால் பகல், போகும் என்பது போல நெகிழ்ந்துதான் ஒலிக்கும். காது பழகிய வழியில் கை போகிறது. குழந்தை 'காந்தி'யின் முதல் எழுத்தை எடுத்து 'பேகு' எழுதிவிடுகிறது. கன்னடத்தில் 'சீக்கிரம்' என்று பொருள்படும் 'பேக' அந்த எழுத்தில்தான் வரும். இதைச் சோதிக்க ஆசிரியை ஒருவர் செய்த வழி நமக்குப் பிடித்திருந்தது. 'அக்க', 'பேகு', 'பேக', 'காளி', காற்று என்ற பொருளில் வரும் 'காளி' (முதல் எழுத்து காந்தியினுடையது) ஆகியவற்றைச் சொல்லி எழுதச் சொன்னார். 'அக்க'வில் தவறவே இல்லை, 'பேக'வும் சரி. பிழைகள் 'பேகு'விலும், காற்று என்ற பொருளில் வரும் 'காளி'யின் தொடக்கத்திலும் விழுந்தன. தமிழில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனி எழுத்து இல்லாமல், இடம்தான் ஓசையைத் தீர்மானிக்கிறது என்பதை அறிந்தவருக்கு இந்த வரைபடம் உடனே புரியும். தெலுங்கில் இரண்டுக்கும் தனி எழுத்து உண்டு. அந்த வீட்டுக் குழந்தைகள் இங்கே தடுமாறுவதில்லை.

நமக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. பால் என்ற சொல்லை 'ஹாலு' என்று எழுதாமல் 'ஆலு' என்று எழுதும் குழந்தையைப் பார்த்து, 'தமிழ் வீடு, ஹ வராது' என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய மைசூர்ப் பகுதியின் பேச்சுக் கன்னடத்தில் சொல்லின் முதல் ஹ விழுவது ஊரறிந்த செய்தி. கன்னட வீட்டுக் குழந்தையும் 'ஆலு' என்றுதான் எழுதுகிறது. திட்டு வாங்கிய பிறகு, ஹ இல்லாத இடத்திலும் போட்டு, யானையை 'ஹானெ' என்று எழுதும் குழந்தைகளும் உண்டு. இந்தப் பிழையிலிருந்து வீட்டு மொழியைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூச்சொலி எழுத்துகளை விட்டுவிடுவதும் அப்படியே, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் செய்வது. ஒரு பிழையைத் தாய்மொழியின் தலையில் கட்டுமுன், அதே வகுப்பில் கன்னட வீட்டுக் குழந்தையின் நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கும் அதே பிழை இருந்தால் வழக்கு தள்ளுபடி.

இன்னொரு சிக்கல், வீட்டு மொழி எது என்பதே. சேர்க்கையின்போது தாய்மொழி என்ற கட்டத்தில் பெற்றோர் சொன்னது இருக்கும். அப்பா தெலுங்கு, அம்மா தமிழ், தெருவில் கன்னடம் என்றிருக்கும் வீட்டில் அந்தக் கட்டம் எதையும் சொல்லாது. தவிர, இங்கே பேசும் தெலுங்கு குண்டூர்த் தெலுங்கு அல்ல. எல்லைப்புறத்தில் தலைமுறைகளாகப் பக்கத்தில் வாழும் மொழிகள் ஒன்றின் இலக்கணத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். மகாராஷ்டிரத்தில், கர்நாடக எல்லையோரக் குப்வாட் கிராமத்தில் கன்னடமும் மராத்தியும் உருதுவும் சொற்கள் வேறாகவே இருக்க, வாக்கிய அமைப்பில் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதை மொழியியலாளர்கள் கம்பர்ஸும் வில்சனும் 1971இல் எழுதினார்கள். ஆகவே தெலுங்கு இலக்கண நூலைத் திறந்து வைத்துக்கொண்டு நம் குழந்தையின் பிழையை அளப்பது பாதிதான் உதவும். வீட்டில் அக்காவைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று குழந்தையையே பேசவிட்டுக் கேட்க வேண்டும். 'நேற்று உங்க வீட்ல யார் யார் எங்க போனாங்க, வீட்ல பேசற மாதிரியே சொல்லு' என்றால் இரண்டு நிமிடத்தில் விகுதிகள் வெளியே வந்துவிடும்.

அடுத்த இதழில் இப்படிப்பட்ட நோட்டுப் பக்கங்களை வெளியிட நினைக்கிறோம். ஆனேக்கல், சர்ஜாபுரம், ஜிகணி, ஓசூர் வட்டார ஆசிரியர்கள் அனுப்பலாம். பெயரை மறைத்துவிடுங்கள். பிழையான வரியை மட்டும் வெட்டி அனுப்ப வேண்டாம், முழுப் பக்கமாக அனுப்புங்கள். வகுப்பு, வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள், திரும்பப் படிக்கச் சொன்னபோது குழந்தை தானே திருத்தியதா என்ற மூன்றையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.