ஒரு ஷீட், ஐந்து கைகள்

முருகன் என்ற பெயரைப் புதுச்சேரியில் ஒருவர் Murugan என்று எழுதுவார், அடுத்த வீட்டுக்காரர் Mourougane என்று எழுதுவார். லட்சுமி Lakshmi ஆகவும் இருப்பார், Latchoumy ஆகவும் இருப்பார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் ஏறிய எழுத்து பல குடும்பங்களில் இன்னும் தொடர்கிறது. எங்கள் ஊரின் பெயரே Ariyankuppam, Ariankuppam, Ariancoupam என்று பலவிதமாக எழுதப்படுகிறது. தெருவில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மருத்துவமனைப் பதிவேடு எக்ஸெல் ஷீட்டில் இருந்து, அதில் ஐந்து பேர் மாறி மாறித் தட்டும்போது, ஒரே நோயாளி இரண்டு பேராகிவிடுகிறார். மார்ச்சில் வந்த Mourougane ஒரு வரியிலும், ஆகஸ்டில் ஆதார் அட்டையோடு வந்த Murugan இன்னொரு வரியிலும் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் வரிக்காரர் சிகிச்சையைப் பாதியில் விட்டவராகக் கணக்கில் நிற்பார். இரண்டாம் வரிக்காரர் புது நோயாளி ஆவார். இரண்டுமே பொய்.

மருத்துவ ஆவணப் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால், இப்படிப்பட்ட ஷீட்டுகளைச் சரிசெய்ய அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார்கள். ஷீட்டைத் திறப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தலைப்புக்கும் என்ன பொருள், அதில் என்ன எழுதலாம், தெரியாவிட்டால் என்ன எழுத வேண்டும் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? அதற்குத் தரவு அகராதி என்று பெயர். பெரும்பாலும் பதில், "அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் சார்" என்று வரும். அந்த எல்லாரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

பெயர்ச் சிக்கலுக்கு அகராதியில் எழுத வேண்டிய விதி இது. நோயாளியை அடையாளம் காட்டுவது பதிவு எண், பெயர் அதற்குத் துணை மட்டுமே. பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடிக்க வேண்டும், யாரும் திருத்தக் கூடாது. பழைய சீட்டில் வேறு எழுத்து இருந்தால் அது 'வேறு பெயர்' என்ற தலைப்பின் கீழ் போகும். இனிஷியலுக்குத் தனித் தலைப்பு. (ஆதார் எண்ணை ஷீட்டில் ஏற்ற வேண்டாம். ஐந்து பேர் திறக்கும் கோப்பில் அதற்கு வேலையில்லை.) புது வரி தொடங்கும் முன் பதிவு எண், கைபேசி எண், பிறந்த வருடத்தோடு தகப்பனார் அல்லது கணவர் பெயர் என மூன்று வழியிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

பதிவு எண் 004512 என்று இருந்தால் எக்ஸெல் முன்னால் உள்ள சைபர்களைத் தின்றுவிட்டு 4512 என்று வைத்துக்கொள்ளும். எனவே ஒரு எண்ணைக்கூட ஏற்றுவதற்கு முன்பே அந்தத் தலைப்பு முழுவதையும் Text என்று மாற்றிவிட வேண்டும். ஒரே எண் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பக்கத்துக் கட்டத்தில் பார்க்கலாம்:

```
=COUNTIF(A:A,A2)>1
```

TRUE என்று வந்தால் இரட்டை. ஆனால் Mourougane கதையில் இரண்டு வரிக்கும் இரண்டு எண் இருக்கும், இந்த சூத்திரம் அதைப் பிடிக்காது. மாதம் ஒருமுறை கைபேசி எண் வரிசையில் அடுக்கிக் கண்ணால் பார்ப்பதுதான் அதற்கு வழி.

தேதிக்கு வருவோம். இதுதான் சத்தமில்லாமல் கெடுப்பது. ஓர் அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இந்திய முறையில் நாள், மாதம், வருடம் என்று படிக்கும். இன்னொன்று வாங்கியபோது இருந்த அமெரிக்க முறையிலேயே இருக்கிறது, அது மாதத்தை முதலில் படிக்கும். இரண்டாவது கம்ப்யூட்டரில் ஒருவர் மார்ச் 5-ஐ 05/03/2024 என்று அடிக்கிறார். எக்ஸெல் அதை மே 3 என்று எடுத்துக்கொள்கிறது. திரையில் ஏறக்குறைய அடித்தபடியேதான் தெரியும், ஆனால் உள்ளே 59 நாள் தள்ளிப்போய்விட்டது. அதே கையால் மார்ச் 25-ஐ 25/03/2024 என்று அடித்தால், இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் எக்ஸெல் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும்.

கண்டுபிடிப்பதும் அங்கேதான். தேதியாக ஏற்றது கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாக நின்றது இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் `=ISNUMBER(C2)` போட்டுப் பார்க்கலாம், FALSE வந்தவை எழுத்து. இடது ஓரத் தேதிகளில் பெரும்பாலும் நாள் 12-க்கு மேல் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். இடது ஓரத்தில் நிற்பவை சரியான தேதிகள், வகை மட்டும் தவறு. வலது ஓரத்தில் அழகாக நிற்பவற்றில்தான் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். பலர் இடது ஓரத்தை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள்.

வலது ஓரத்தில் எது கெட்டது, எது நல்லது என்று எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு வரியிலும் 'பதிந்தவர்' என்று ஒரு தலைப்பு இருந்தால் பிரிக்கலாம். இடது ஓரத் தேதிகள் எல்லாம் ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர் என்று தெரிந்தால், அதே ஆள் அங்கே அடித்த மற்றத் தேதிகளை மட்டும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டால் போதும். அந்தத் தலைப்பு இல்லையென்றால் ஆயிரம் கேஸ் ஷீட்டையும் இறக்க வேண்டியதுதான். பதிந்தவர் பெயர் கேட்டால் ஊழியர்களுக்குத் தங்களை மாட்டிவிடும் ஏற்பாடாகத் தோன்றும். அது அவர்கள் உழைப்பை மிச்சப்படுத்துவதற்கு என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இனிமேலைக்கான விதி எளிது. தேதியை 2024-03-05 என்று வருடத்தை முதலில் வைத்து அடித்தால் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே மாதிரிதான் படிக்கும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வெறும் கட்டம். ஒரு ஷீட்டில் 'ஸ்மோக்கிங்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் சொன்னார்: "சார், வெத்தலையோட போயிலை போடுற பாட்டிகிட்ட ஸ்மோக்கிங் உண்டான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். நானும் இல்லைன்னு போட்டுடுவேன். கூட்டத்துல கேக்கவே முடியலன்னா சும்மா விட்டுடுவேன்." அவர் மேல் தவறே இல்லை, தலைப்பு அப்படி. வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான மெல்லும் புகையிலை அந்தத் தலைப்பில் நுழையவே வழியில்லை.

அகராதியில் இதை நாங்கள் மாற்றி எழுதியது இப்படி. தலைப்பு `tobacco`. பொருள்: பீடி, சிகரெட், சுருட்டு, போயிலை, மூக்குப்பொடி என எந்த வடிவில் இருந்தாலும் புகையிலை. 0 என்றால் ஒருபோதும் இல்லை. 1 இப்போது உண்டு. 2 முன்பு இருந்தது, நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 8 கேட்டும் பதில் கிடைக்கவில்லை. 9 கேட்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. வெறுமையாக இருந்தால் அந்த வரி இன்னும் முடியவில்லை என்று மட்டுமே பொருள்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 நோயாளிகள். 60 பேருக்கு உண்டு, 80 பேருக்கு இல்லை, 60 கட்டம் வெறுமை. வெறுமையை 'இல்லை' என்று எடுத்தால் நூற்றுக்கு 30 பேருக்குப் புகையிலைப் பழக்கம். பதில் கிடைத்த 140 பேரை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 43. இரண்டில் எதை அறிக்கையில் எழுதுவது என்று, பல மாதம் கழித்து உட்காரும் டாக்டர் எந்த ஆதாரமும் இல்லாமல் முடிவெடுக்கிறார். அந்த 60 பேரில் 50 பேரிடம் யாரும் கேட்கவேயில்லை என்று 9-ஆம் எண் காட்டியிருந்தால், பிரச்சினை நோயாளிகளிடம் இல்லை, கவுண்டரில் ஆள் பற்றாக்குறை என்பதும் தெரிந்திருக்கும்.

ஆனால் வயது, சர்க்கரை அளவு போன்ற அளவுகளில் இந்த 9 வித்தையைக் காட்டாதீர்கள். தெரியாத வயதுக்கு 999 என்று போடும் வழக்கம் உண்டு. ஒன்பது பேருக்கு வயது 50, ஒருவருக்கு 999 என்றால், சராசரி வயது 144.9 என்று வரும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் படும். 99 என்று போட்டால் அது படாது, 99 வயதில் மனிதர்கள் இருக்கிறார்கள். அளவுக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் காரணத்துக்கு ஒரு தலைப்பு வைப்பதே நல்லது: பரிசோதனை செய்யவில்லை, செய்தும் ரிப்போர்ட் வரவில்லை, கேஸ் ஷீட்டில் எழுதவில்லை.

கீழே விழும் பட்டியலில் தேர்ந்தெடுக்கும்படி Data Validation போட்டுவிட்டால் போதுமே என்பார்கள். போட வேண்டும்தான். ஆனால் அது விரலால் அடிப்பதை மட்டும்தான் தடுக்கும். வேறு கோப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் தவறான மதிப்பு தடையின்றி நுழையும், பல நேரம் அந்தக் கட்டத்தின் விதியும் அதோடு அழிந்துபோகும். வாரம் ஒருமுறை Circle Invalid Data என்ற கட்டளையை ஓட்டினால் விதிக்குப் பொருந்தாதவற்றைச் சிவப்பில் வட்டமிடும். விதியே அழிந்த கட்டத்தில் அந்த வட்டமும் விழாது என்பதால், முதலில் விதியைத் தலைப்பு முழுவதற்கும் மறுபடி போட்டுவிட்டு ஓட்டுங்கள். இன்னொன்று: அகராதியில் 2 என்ற மதிப்பை ஜூலையில் சேர்த்தால், சேர்த்த தேதியையும் அங்கேயே எழுதுங்கள். ஜூலைக்கு முந்தைய 1-களில் விட்டவர்களும் கலந்திருக்கிறார்கள் என்பது வேறு எப்படியும் தெரியாது.

கடைசியாக முகவரி. யார் உள்ளூர்க்காரர் என்பதையும் அகராதியில் எழுத வேண்டும், அதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தேசிய புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. மறு வருடம் பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேடுகள் அந்தத் திட்டத்தின் கீழ் வேலையை ஆரம்பித்தன. சென்னையில் அதை நடத்தியது அடையாறு புற்றுநோய் நிறுவனம். அந்தத் திட்டத்தில் 'உள்ளூர்வாசி' என்பதற்கு ஒரு திட்டமான பொருள் உண்டு: அந்தப் பகுதியில் குறைந்தது ஒரு வருடம் வசித்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. கடலூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். அந்தப் பக்கத்துக்காரர்கள் சிகிச்சைக்காக அரியாங்குப்பத்திலோ மணவெளியிலோ உறவினர் வீட்டில் தங்கி, அந்த வீட்டு முகவரியையே சீட்டில் கொடுக்கிறார்கள். அவர்களையெல்லாம் உள்ளூராக எண்ணினால் இந்த ஊரில் நோய் அதிகம் என்று கணக்கு வரும், அவர்கள் ஊரில் குறைவு என்று வரும். ஆகவே 'தற்போது தங்கும் இடம்', 'சொந்த ஊர்', 'இங்கே எத்தனை வருடம்' என்று மூன்று தலைப்பு வேண்டும். ஊர்ப் பெயரைத் தட்டவே விடாமல் பட்டியலிலிருந்து எடுக்க வைக்க வேண்டும்.

ஆகவே நோயாளிகளாகவும் துணைக்கு வருபவர்களாகவும் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். அட்டைக்கு அட்டை பெயரின் எழுத்து மாறியிருந்தால் கவுண்டரில் நீங்களே சொல்லுங்கள். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டால், இரண்டு மாதமாக இருந்தாலும் இரண்டு மாதம் என்றே சொல்லுங்கள்.