சுற்றமும் நட்பும் சூழ: ஓர் அழைப்பிதழ் வரியின் பிரெஞ்சுப் பயணம்

"தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்." நாம் ஆயிரம் முறை பார்த்து, ஒரு முறையும் படிக்காத வரி இது. புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இதைப் பிரெஞ்சில் தரும் தேவை அடிக்கடி எழுகிறது. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து பிரான்சில் குடியேறியோரின் பேரப்பிள்ளைகளுள் பலர் தமிழ் படிக்க அறியாதவர்கள். அவர்கள் கைக்குச் சேரும் அழைப்பு பிரெஞ்சு வரிதான்.

இத்தகைய சடங்கு வாய்பாடுகளைப் பெயர்க்கையில், இலக்கு மொழியில் வழங்கும் வாய்பாட்டை அப்படியே எடுத்து வைப்பதே போதும் என்பது பரவலான கருத்து. மைசூரில் இருந்து பார்த்தால் அக்கருத்து நியாயமாகவே தோன்றும். இங்குள்ள கன்னட அழைப்பிதழ்களில் 'சகுடும்ப சபரிவார சமேதராகி' என்னும் தொடர் ஆயத்தமாக நிற்கிறது. தமிழ் வரியின் முற்பகுதியை அதன்மேல் வைத்தால் ஏறத்தாழ அச்சாகப் பொருந்தும். இரு மொழிகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே வகைத் திருமணப் பந்தல் என்பதே அதற்குக் காரணம்.

பிரெஞ்சில் அந்த வழி குடும்பத்துக்குள் மனத்தாங்கலையே உண்டாக்கும். அங்கு வழங்கும் கம்பீரமான வாய்பாடு 'ஃபேர்-பார்' எனப்படும் அறிவிப்பு மடலுக்குரியது. "எங்கள் மகளின் திருமணத்தைத் தங்களுக்கு அறிவிக்கும் பெருமை உடையோம்" என்பது அதன் சாரம். அதன் பணி செய்தி தெரிவிப்பதே. விருந்துக்கு அழைக்கப்படுவோருக்குத் தனிச் சீட்டு ஒன்று உடன் செல்லும். சீட்டு வராதவர், தாம் விருந்துக்கு அழைக்கப்படவில்லை என்றே கொள்வார். ஆகவே, நடை கெடாமல் மாற்றியமைத்த அவ்வரி, 'கட்டாயம் வாருங்கள்' என்னும் வேண்டுகோளை 'தெரிந்துகொள்ளுங்கள்' என்று ஆக்கிவிடும். பாரிசில் இருக்கும் அத்தை மகன் வராமல் இருந்தால் குற்றம் அவருடையது அன்று.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் தீர்வாகாது. பிரெஞ்சு வழக்கில் 'சுற்றமும் நட்பும் சூழ' இருப்பவர்கள் மணமக்கள். தமிழ் வரியிலோ அவ்வாறு சூழ வருபவர் விருந்தினர். நேரடியாகப் பெயர்த்தால், தலைகளை எண்ணி இருக்கை ஒதுக்கும் பண்பாட்டில் வளர்ந்த வாசகர், நண்பர்களையும் திரட்டி வரச் சொல்கிறார்களா என்று திகைப்பார். தமிழிலும் அத்தொடர் ஆட்களைத் திரட்டச் சொல்வதில்லை. 'தாங்கள் தனி ஆள் அல்லர், ஒரு குலத்தின் தலைவர்' என்று விருந்தினரை உயர்த்துவதே அதன் வேலை. 'வூ ஏ லே வோத்ர்', அதாவது 'தாங்களும் தங்களைச் சார்ந்தோரும்' என்னும் சுருக்கமான பிரெஞ்சுத் தொடர் அவ்வேலையை எண்ணிக்கைக் குழப்பம் அதிகமின்றிச் செய்கிறது.

'வாழ்த்தியருளுமாறு' என்பதில் சிக்கல் இன்னும் நுட்பமானது. வாழ்த்துக்குரிய பொதுவான பிரெஞ்சுச் சொல் புத்தாண்டு அட்டைக்கும் பயன்படுவது. அதில் அருள் இல்லை. 'பெனெதிக்சியோன்' என்னும் ஆசிச் சொல்லில் அருள் உண்டு. ஆனால் அது திருமணச் சூழலில் தேவாலயத்தில் குரு வழங்கும் ஆசியைக் குறிக்கும். 'தங்கள் ஆசி' என ஒருமையில் எழுதினாலோ, 'தங்கள் சம்மதம்' என்று பொருள்பட இடமுண்டு. பன்மையில் 'வோ பெனெதிக்சியோன்', 'தங்கள் ஆசிகள்', என்றால் அவ்விரு பொருளும் பின்வாங்கி, அட்சதை தூவும் பெரியோரின் ஆசி முன்னுக்கு வருகிறது.

எஞ்சுவது 'தாங்கள்'. தமிழில் நீ, நீங்கள், தாங்கள் என மூன்று படிகள். பிரெஞ்சில் 'தூ', 'வூ' என இரண்டே. மூன்றாம் படியைப் பிரதிப்பெயரில் மீட்க இயலாது, வினையில் மீட்கலாம். 'வருகை தந்து' என்பதை 'தங்கள் வருகையால் எங்களைப் பெருமைப்படுத்தி' என்று மாற்றினால் 'ஒனொரே' என்னும் வினை அந்த உயரத்தைத் தாங்கும்.

இவற்றைச் சேர்த்தால் நான் பரிந்துரைக்கும் வரி இது: "நூ வூ ப்ரியோன், வூ ஏ லே வோத்ர், தெ நூ ஒனொரே தெ வோத்ர் ப்ரெசான்ஸ் ஏ தாக்கொம்பாஞே லே ஜேன் எப்பூ தெ வோ பெனெதிக்சியோன்." 'தாங்களும் தங்களைச் சார்ந்தோரும் தங்கள் வருகையால் எங்களைப் பெருமைப்படுத்தி, இளம் தம்பதியருக்குத் தங்கள் ஆசிகளைத் துணையாக்குமாறு வேண்டுகிறோம்' என்பது பொருள். 'சூழ' என்னும் சொல்லின் காட்சி இதில் இல்லை, அது இழப்புதான்.

எனினும் சடங்குத் தொனி அலங்காரச் சொற்களில் மட்டும் இருப்பதன்று. அழைப்பவர் தாழ்ந்தும் அழைக்கப்படுபவர் உயர்ந்தும் நிற்கும் அந்த உறவமைப்பில்தான் அது முதன்மையாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்க வேண்டியது, 'இதற்கு இணையான வாய்பாடு எது?' என்பதை அன்று. 'இவ்வரியில் யார் யாரிடம் எதை வேண்டுகிறார்?' என்பதையே.