வீட்டைக் கடைசியாகப் பாருங்கள்



ஏப்ரல் பிறந்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களில் பாதி மாற்றலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்குத் திருச்சியை அடுத்த துவாக்குடி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். “திருச்சியில் எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?” என்று கேட்டிருக்கிறார். இதே நிலையில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கும் என்பதால் பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

வேலை துவாக்குடியில் என்றதும் புரோக்கர்கள் காட்டூர், திருவெறும்பூர் பக்கம்தான் வீடு காட்டுவார்கள். வேலைக்குப் போகிறவருக்கு அது வசதி. ஆனால் இந்தக் குடும்பத்தில் தூரத்தைத் தாங்க முடியாதவர் மாமியார். கணக்கை அவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

திருச்சியின் பெரிய அரசு மருத்துவமனை புத்தூரில் இருக்கிறது. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்பது அதன் பெயர், ஊரார் ‘ஜி.எச்.’ என்பார்கள். அங்கே டயாலிசிஸ் பிரிவு உண்டு. தனியார் மருத்துவமனைகள் பலவும் புத்தூர், தென்னூர், தில்லைநகர் வட்டாரத்தில்தான் அடுத்தடுத்து இருக்கின்றன. துவாக்குடிப் பக்கம் குடியேறினால் வாரம் இரண்டு முறை பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு, ரத்த அழுத்தம் இறங்கிய உடம்போடு அதே தூரம் திரும்ப வேண்டும். அதனால் புத்தூர், உறையூர், தென்னூர் வட்டாரத்திலேயே வீடு பாருங்கள். தில்லைநகரின் கிராஸ் தெருக்களில் வாடகை அதிகம், உறையூரின் பழைய தெருக்களில் கொஞ்சம் குறையும்.

வீட்டு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டயாலிசிஸுக்கு இடம் உறுதியாக வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் இயந்திரங்களுக்கு ஷிப்ட் உண்டு. காலி ஷிப்ட் இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவில் குடியிருந்தும் பயனில்லை. போகும்போது இப்போதைய மருத்துவமனையின் டயாலிசிஸ் குறிப்பேடு, கையில் பிஸ்டுலா போட்ட விவரம், மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான அண்மைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். தொற்று உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்குவார்கள் என்பதால் இந்த முடிவுகளைப் பார்க்காமல் எந்தப் பிரிவும் ஆளைச் சேர்க்காது. வீடு மாறும் பரபரப்பில் ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் தேங்கி மூச்சுத் திணறல் வரலாம். ஆகவே பாளையங்கோட்டையில் கடைசி டயாலிசிஸ் முடிந்த மறுநாள் கிளம்புங்கள், புத்தூரில் அடுத்த தேதி கையில் இருக்கட்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் எடுத்து வையுங்கள். மாவட்டம் மாறினாலும் அது செல்லும்.

அடுத்தது பள்ளிக்கூடம். மகளுக்கு டி.சி. வாங்கினால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ‘எமிஸ்’ எண் இருக்கிறது. பழைய பள்ளி அந்த எண்ணைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடும் பள்ளிகள் உண்டு. ஜூன் மாதம் புதிய பள்ளியில் “எமிஸ்ல பேர் வரலையேம்மா” என்பார்கள். டி.சி. வாங்கும் அன்றே, “காமன் பூலுக்கு அனுப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் மகள் எட்டாம் வகுப்பு என்பதால் ஒரு பாதுகாப்பும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறும்போது, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. புத்தூரிலும் உறையூரிலும் உதவிபெறும் பழைய பள்ளிகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இந்தப் பாதுகாப்பு இல்லை.

காட்டூர்ப் பக்கம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை குடியிருப்புகளுக்கு நடுவே போகிறது. சர்வீஸ் ரோடு வேண்டும் என்று அங்கே குடியிருப்பவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அங்கே வீடு பார்ப்பவர்கள், பள்ளியும் வீடும் நெடுஞ்சாலையின் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

இப்போது உங்கள் கணவரின் பயணம். புத்தூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், அங்கே துவாக்குடி டவுன் பஸ் ஏற வேண்டும். காந்தி மார்க்கெட், பால்பண்ணை, அரியமங்கலம் வழியாகப் போகும். தினமும் நீண்ட பயணம்தான். கம்பெனி பஸ் உண்டா, எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய ஓடுகின்றன. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் மாணவர்களின் இலவச பஸ் பாஸும் அவற்றில் செல்லாது. வீடு பார்க்கும் தெருவின் நிறுத்தத்தில் ஒரு வேலைநாள் காலை எட்டு மணிக்குச் சற்று நேரம் நின்று, எத்தனை அரசு பஸ் வருகிறது என்று எண்ணுங்கள். ஊருக்குப் போக நெல்லை பஸ் ஏற வேண்டிய இடமும் மாறிவிட்டது. 2025 ஜூலை முதல் மதுரை சாலையில் உள்ள பஞ்சப்பூர் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும்.

சந்தை விஷயத்தில் உங்களுக்குக் கவலையே வேண்டாம். தென்னூர் உழவர் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அதைப் படித்துவிட்டு உள்ளே போனால் பேரம் பேசும் வேலை இல்லை. காலையிலேயே போய்விட்டால் கீரை வாடாமல் கிடைக்கும். விசேஷத்துக்கு மொத்தமாக வாங்க காந்தி மார்க்கெட் இருக்கிறது. அங்கே மொத்த வியாபாரம் இரவில் நடக்கும். ரேஷன் அட்டையில் முகவரி மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2020 அக்டோபர் முதல் மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம்.

கடைசியாகத்தான் வீடு. உறையூர்ப் பக்கம் கீழ்த்தளம் பார்த்தால், 2005 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ கேளுங்கள். கோரையாறும் குடமுருட்டியும் பெருகிய அந்த மழையை ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. புரோக்கர் சொல்லாததை அவர்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

முதலில் மருத்துவமனை, பிறகு பள்ளி, அதற்குப் பிறகு பஸ், சந்தை, கடைசியில் வீடு. வீட்டில் தெம்புள்ள பெரியவர் தூரத்தைச் சுமக்கட்டும், நோயாளியும் பிள்ளைகளும் சுமக்க வேண்டாம். எந்த ஊருக்குக் குடிபோனாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் ஊருக்கு வருகிற குடும்பம் எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்களும் எழுதுங்கள், ஜூன் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்