நன்றி எங்கே, கதை எங்கே, திட்டம் எங்கே?

மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்துள்ள மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிப் பகுதிகளிலும் சிறு தொழில் நடத்துவோர் தங்கள் நிறுவனத்தின் 10-ஆம் ஆண்டையும் 25-ஆம் ஆண்டையும் பந்தலிட்டுக் கொண்டாடும் வழக்கம் பெருகி வருகின்றது. அத்தகைய விழாக்களில் நிறுவனத்தைத் தொடங்கியவர் பேசும் பேச்சே தலையாயது. ஆயினும் பெரும்பாலான மேடைகளில் அப்பேச்சுத்தான் கேட்போரின் பொறுமையை மிகுதியும் சோதிக்கின்றது. பேசுபவரிடம் செய்தி இல்லாமையன்று இதற்குக் காரணம். செய்திகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமையே காரணம் என்பது நமது கருத்து.

சில மாதங்களுக்கு முன்னர், நகருக்குக் கிழக்கே சுங்குடிச் சேலைச் சாயப்பட்டறை ஒன்றை நடத்திவரும் அன்பர் ஒருவர் தமது 25-ஆம் ஆண்டு விழா உரையை நம்மிடம் கொணர்ந்து காட்டினார். அவரிடம் சாயத் தொழிலாளர் 9 பேரும், வீட்டிலிருந்தபடியே முடிச்சுக் கட்டித் தரும் பெண்கள் 42 பேரும் வேலை செய்கின்றனர். உரையைக் கடிகாரம் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்கச் சொன்னோம். 31 நிமிடங்கள் ஆயின. மேடையிலுள்ளோரை விளிப்பதற்கு 4 நிமிடம். 37 பெயர்களுக்கு நன்றி கூற 9 நிமிடம். எதிர்காலத் திட்டங்களுக்கு 6 நிமிடம். அதன் பிறகு நிறுவனம் வளர்ந்த கதைக்கு 10 நிமிடம். முடிவில் மீண்டும் நன்றிக்கு 2 நிமிடம். இதுவே அவ்வுரையின் அமைப்பு.

நீளத்தைவிட நம்மைக் கவலையுறச் செய்தது வேறொன்று. திட்டப் பகுதியின் முதல் வாக்கியமே, “அடுத்த ஆண்டில் அச்சுச் சுங்குடிக்கெனத் தனிக் கொட்டகை அமைக்கப் போகிறோம்” என்பதாக இருந்தது. பந்தலில் அமர்ந்திருக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கையால் முடிச்சுக் கட்டிக் கூலி பெறும் பெண்கள். விரல் நுனியால் துணியைக் கிள்ளி எடுத்து நூல் சுற்றி அவர்கள் கட்டும் புள்ளியை, அச்சுச் சட்டம் ஒரே இழுப்பில் போட்டுவிடும். உரையின் 14-ஆவது நிமிடத்தில் இவ்வாக்கியத்தைக் கேட்கும் பெண், பிறகு வரும் கதையைக் கேட்கவே மாட்டாள். “நம் கூலி போயிற்று” என்ற ஒரே எண்ணத்தோடு வீடு திரும்புவாள். ஆண்டு விழா அச்சத்தைப் பரப்பும் கூட்டமாகிவிடும்.

“கைமுடிச்சை விட்டுவிடும் எண்ணமா?” என்று கேட்டோம். அவர் பதறிப்போனார். “இல்லை ஐயா! குறைந்த விலையில் கேட்கும் கடைகளுக்கு மட்டுமே அச்சுச் சேலை. கைமுடிச்சு இல்லாவிட்டால் எனக்கு ஏது பெயர்?” என்றார். இந்த விடை அவர் மனத்தில் இருந்தது, உரையில் இல்லை. உரையின் வரிசை அதற்கு இடம் வைக்கவில்லை.

நெசவாளருக்கு இதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. பாவு ஓட்டாமல் ஊடை அடிக்க இயலாது. இத்தகைய உரைக்குக் கதையே பாவு. நன்றி அதன் ஊடே செல்லும் இழை. அவை இரண்டும் சேர்ந்து நெய்து முடித்த இடத்திலிருந்துதான் திட்டம் தொடங்க முடியும். நடந்தது இது, ஆகையால் செய்யப்போவது இது என்றால் கேட்போர் நம்புவர். செய்யப்போவதை முதலில் கூறிவிட்டு நடந்ததைப் பின்னர் கூறினால், பின்னது பழங்கதையாகவும் முன்னது வெற்று அறிவிப்பாகவும் நின்றுவிடும்.

ஆகவே ஒவ்வொரு பத்தியையும் தனித்தனித் தாளில் எழுதச் செய்து தரையில் பரப்பினோம். முதலில் நன்றித் தாள்களை எடுத்துக்கொண்டோம். “ஒருவரை விட்டாலும் பகை வருமே” என்று அன்பர் தயங்கினார். நம் ஊர் மேடைகளில் வரவேற்புரை என்றும் நன்றியுரை என்றும் தனியே இரண்டு உண்டு. அவற்றைக் கூற வேறு இருவர் உளர். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், விருந்தினர் என அனைவரையும் நிறுவனரும் மீண்டும் அடுக்குவது கூறியது கூறலேயன்றி வேறில்லை. எனவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி வைத்தோம்: இவரை நீக்கினால் கதை அறுபடுமா? அறுபடும் என்ற 5 பெயர்கள் உரையில் நின்றன. மற்ற 32 பெயர்களும் நன்றியுரை கூறுபவரின் தாளுக்குச் சென்றன.

பிறகு கதை. அது பாட்டனார் காலத்தில் தொடங்கி, பள்ளிப் படிப்பு, திருமணம் என்று நடந்து, பட்டறைக்கு வந்து சேர 6 நிமிடம் பிடித்தது. ஆனால் 8-ஆவது தாளில் நான்கே வரிகளில் ஒரு நிகழ்ச்சி ஒளிந்துகிடந்தது. 2007-ஆம் ஆண்டில் கடை ஒன்றிலிருந்து 60 சேலைகள் திரும்பி வந்தன. முதல் சலவையிலேயே அரக்குச் சாயம் வெள்ளைப் புள்ளிகளில் இறங்கிவிட்டது. அன்பர் மறுபேச்சின்றிச் சேலைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கையில் பணமில்லை. முடிச்சுக் கட்டும் பெண்கள் 3 வாரக் கூலிக்குப் பொறுத்திருந்தனர். பட்டறையின் மூத்த சாயக்காரர் காரணத்தைக் கண்டறிந்தார். உப்பும் சோடாவும் இட்டுச் சாயம் ஏற்றிய பின்னும் நூலில் பற்றாத சாயம் துணியில் தங்கியிருக்கும். கொதிக்கும் சோப்பு நீரில் அலசி அதை வெளியேற்ற வேண்டும். தண்ணீர்ச் சிக்கனம் கருதி அவ்வலசலை ஒரு முறையோடு நிறுத்தியிருந்தனர். நீர் தெளிந்து வரும்வரை அலசுவது என்ற விதி அன்றுதான் பட்டறையில் ஏற்பட்டது.

இதுவே கதை என்றோம். உரை அந்த 60 சேலைகள் திரும்பி வந்த நாளில் தொடங்கட்டும். இரண்டு தொட்டிகளோடு 2000-இல் தொடங்கியதை அதற்குள் ஒரு வாக்கியத்தில் கூறிவிடலாம். தொடக்கத்தின் சிறுமையைக் காட்ட ஓர் எண்ணே போதும். நம் மதுரையில் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976-இல் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவோர், 11 படுக்கைகள் என்ற ஒரு செய்தியைத்தான் முதலில் கூறுகின்றனர். அதற்கு மேல் அங்கே விளக்கம் தேவைப்படுவதில்லை.

கதையைச் சரியான இடத்தில் தொடங்கியதும் நன்றி தானே வந்து பொருந்தியது. “மூத்த சாயக்காரருக்கு நன்றி” என்று தனியே கூற வேண்டியதில்லாமல், அவர் காரணத்தைக் கண்ட இடத்திலேயே அவர் பெயர் வந்தது. பெண்களுக்குரிய நன்றியும் அவர்கள் கூலிக்குப் பொறுத்திருந்த இடத்தில் வந்தது. செய்த செயலோடு சேர்த்துக் கூறும் பெயர் கேட்போர் நெஞ்சில் தங்கும். பட்டியலில் வரும் பெயர் தங்காது.

அடுத்ததாகத் திட்டம். பெண்கள் பொறுத்திருந்த செய்தியைக் கூறிய பின் அச்சுக் கொட்டகையைப் பற்றிப் பேசுபவர், கைமுடிச்சு என்னவாகும் என்று கூறாமல் நகர இயலாது. வரிசையே அவரை அக்கேள்விக்குக் கொண்டுபோய் நிறுத்துகின்றது. இரண்டு நாள் கணக்குப் பார்த்தபின், சென்ற ஆண்டில் மாதந்தோறும் முடிச்சுக்குக் கொடுத்த சேலைகளின் எண்ணிக்கையை அடுத்த 2 ஆண்டுகளுக்குக் குறைப்பதில்லை என்று அன்பர் முடிவு செய்தார். “அதற்கு மேல் உறுதி கூற என்னால் இயலாது” என்றார். அதையும் அவ்வாறே கூறச் சொன்னோம். வங்கிக் கடன் அப்பொழுது கிடைத்திருக்கவில்லை. ஆதலின் “கொட்டகை அமைக்கப் போகிறோம்” என்பது “கடனுக்கு விண்ணப்பித்துள்ளோம், கிடைத்தால் அமைப்போம்” என்று மாறிற்று. வெளிநாட்டு ஏற்றுமதி பற்றிய இரு தாள்களுக்குக் கதையில் வேர் இல்லை, அவற்றை எடுத்துவிட்டோம்.

இறுதியாக இணைப்புகளைச் சோதித்தோம். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே “ஆகையால்” என்றோ “ஆனால்” என்றோ கூறிப் பார்த்தோம். பொருந்தினால் முடிச்சு உறுதி. “அடுத்து”, “மேலும்” என்பவை மட்டுமே பொருந்தினால் அவ்விடம் தளர்ந்துள்ளது. ஒரு தாள் இடம் மாறியிருக்கலாம், அல்லது வேண்டாததாக இருக்கலாம். புதிய உரை விளிப்புக்கு 1, கதைக்கு 7, இன்றைய நிலைக்கு 2, திட்டத்துக்கு 3, முடிவுக்கு 1 என 14 நிமிடங்களில் அமைந்தது.

இவ்வரிசை நாம் புதிதாகக் கண்டதன்று. 1863-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய உரை நாடு பிறந்ததில் தொடங்கியது. நடந்துகொண்டிருந்த போருக்கு வந்தது. மாண்டோருக்குரிய வணக்கத்தை அவர்கள் செய்த செயலோடு சேர்த்துக் கூறியது. உயிரோடிருப்போர் செய்ய வேண்டிய பணியில் முடிந்தது. அவருக்கு முன் எட்வர்ட் எவரெட் ஏறத்தாழ 2 மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது இரண்டு மூன்று நிமிடங்களே.

நன்றியை முதலில் கூறுவதே நம் பண்பு என்று சிலர் மறுக்கலாம். பாதியில் எழுந்து செல்ல வேண்டிய பெரியவர் எவரேனும் இருந்தால் அவருக்கு முதலிலேயே ஒரு வாக்கியம் கூறிவிடுவது முறையே. அவ்வாரத்தில் பட்டறையில் ஒருவர் இறந்திருந்தால் அவரை நினைவுகூர்ந்தே தொடங்க வேண்டும். கூலிக் குறைப்பு, ஆட்குறைப்பு போன்ற செய்திகளை எந்த வரிசையில் வைத்தாலும் விழா மேடை ஏற்காது. அவற்றை முன்னரே தொழிலாளரை அழைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். இவ்விலக்குகளை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

நம் வேலையிலும் ஒரு குறை நேர்ந்தது. 2007-இல் தவணை கேளாமல் வெள்ளைத் துணி கொடுத்துதவிய வியாபாரி ஒருவரை அன்பரும் மறந்தார், நாமும் கேட்கவில்லை. அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். மறுநாள் அன்பர் அவர் வீட்டுக்கே சென்று வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கதையைத் தொடங்கியவரின் நினைவை மட்டும் நம்பலாகாது. பட்டறையின் பழைய கணக்குப்பிள்ளையிடமும் உரையை ஒருமுறை படித்துக் காட்டியிருந்தால் இக்குறை நேர்ந்திராது.

ஆயினும் விழா முடிந்ததும் முடிச்சுக் கட்டும் பெண்களில் மூத்தவர் ஒருவர் அன்பரிடம் வந்து, “ரெண்டு வருசத்துக்குக் குறையாதுன்னு சொன்னீகளே அண்ணாச்சி, அதைத் தாளில் எழுதிப் பட்டறையில ஒட்டிருங்க” என்றார். உரை அவர் காதில் விழுந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மறுவாரமே அத்தாள் பட்டறைச் சுவரில் ஏறியது.