சில்லறைப் பணத்தில் ஒளிந்திருக்கும் வரி

கட்டுமாவடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் வண்டிகளையும் ஐஸ் வண்டிகளையும் பார்க்காமல் ஒரு நாள் விடியாது. அந்த வியாபாரங்களின் கணக்கு மேசைகளில் எல்லாம் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும். டீ, ஆட்டோ, கூரியர், பல்பு என்று சில்லறைச் செலவெல்லாம் அதிலிருந்துதான் போகும். பல வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். லட்சக்கணக்கான பெரிய கணக்கில் வராத சண்டை அந்தப் பெட்டியில்தான் வரும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஐஸ் கம்பெனியில் (பெயர் வேண்டாம்) பெட்டி காலியாகும் போதெல்லாம் முதலாளி கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் ஆயிரம், ஒருநாள் இரண்டாயிரம். மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், கொடுத்தது 14,000 ரூபாய், வவுச்சர் 13,260, பெட்டியில் 190. மீதி 550 எங்கே? எந்த வாரம், எந்தச் செலவில் போனது என்று சொல்ல வழியே இல்லை. கணக்கு எழுதிய பையனின் சம்பளத்தில் பிடித்தார்கள். அவன் எடுத்திருப்பான் என்று நான் நம்பவில்லை. ஆனால் எடுக்கவில்லை என்று காட்ட அவனிடமும் ஒன்றும் இல்லை.

இதற்குத்தான் இம்ப்ரெஸ்ட் முறை. சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு 'நிரந்தர முன்பணம்' என்றால் உடனே புரியும். ஒரு தொகையை நிலையாக வைத்து விடுகிறோம், 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் எவ்வளவுக்கு வவுச்சர் இருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் செக். ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். எந்த நிமிஷம் பெட்டியைத் திறந்தாலும் பணமும் வவுச்சரும் சேர்ந்து 5,000 வரவேண்டும். வராவிட்டால் கோளாறு இந்த மாதத்துக்குள்தான் நடந்திருக்கிறது. தேடுகிற இடம் சிறியதாகி விடுகிறது.

அதே ஐஸ் கம்பெனியில் இந்த முறையில் ஒரு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று போட்டுப் பார்ப்போம். எல்.இ.டி. பல்பு நாலு, வரியோடு 472. மோட்டார் பேரிங் 1,180. கூரியர் 118. லோடு ஏற்றியவர்களுக்கு டீ, வடை 640. பைக்குக்குப் பெட்ரோல் 500. இறக்குக் கூலி 450. நோட்டு, பேனா 210. கூட்டினால் 3,570. பெட்டியில் 1,430 இருக்க வேண்டும், இருக்கிறது. செக் 3,570-க்கு. பேரேட்டில் சில்லறை ரொக்கம் என்ற தலைப்பு 5,000-லேயே அசையாமல் நிற்கும். செலவுகளைப் பற்று எழுதி, வங்கியை வரவு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் வரி வருகிறது. ஐஸ் கட்டிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதனால் கம்பெனி வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக் கொள்ளலாம். ஆனால் எந்த வரியை? நான் பார்த்த வரையில் பலர் மொத்தத் தொகையிலும் 18 சதவீதம் பிரித்து எழுதி விடுகிறார்கள். அது தப்பு. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

பல்புக் கடைக்காரரும் பேரிங் கடைக்காரரும் பதிவு பெற்றவர்கள். பில்லில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கிறது. பல்பில் 400 விலை, 72 வரி. பேரிங்கில் 1,000 விலை, 180 வரி. இந்த 252-ஐ எடுக்கலாம். மத்திய வரி 126, மாநில வரி 126.

கூரியர் பில்லில் 18 ரூபாய் வரி போட்டிருக்கிறது. ஆனால் பையன் நம் எண்ணைச் சொல்லாமல் வாங்கி வந்துவிட்டான். நம் எண் இல்லாத பில் நம் பெயரில் ஏறாது. 118-ம் செலவுதான். டீக்கடை பதிவு பெறாதது. பதிவு பெற்ற ஓட்டலாகவே இருந்தாலும் சாப்பாட்டுச் செலவின் வரியைச் சாதாரணமாகக் கழிக்கச் சட்டம் விடுவதில்லை. பெட்ரோல் ஜி.எஸ்.டி.க்குள்ளேயே இல்லை. கூலிக்கு வரி இல்லை. நோட்டுக் கடைக்காரர் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர், வரி வசூலிக்கவே கூடாது. ஆக, 3,570-ல் 252 வரி, மீதி 3,318 செலவு.

இதோடும் முடியவில்லை. கடைக்காரர் தன் ரிட்டர்னில் அந்த பில்லை நம் எண்ணுக்கு ஏற்றினாரா என்று பார்க்க வேண்டும். அடுத்த மாதம் 14-ஆம் தேதி வாக்கில் ஜி.எஸ்.டி. தளத்தில் GSTR-2B என்ற பட்டியல் வரும். பல்பின் 72-ம் பேரிங்கின் 180-ம் அதில் இருந்தால்தான் எடுக்கலாம். பேரிங் கடைக்காரர் ஏற்றாமல் விட்டால், 180 காத்திருக்கட்டும். அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கையில் பில் இருக்கிறதே என்று எடுத்துவிட்டால், பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரலாம்.

இப்போது எதிர்ப் பக்கம். நம்மூர் ஏலக் கடையில் பச்சை மீன் மட்டும் விற்பவருக்கு இந்த 252 ஒரு பைசாகூடத் திரும்பி வராது. பச்சை மீனுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு. விற்கும் பொருளுக்கு வரி இல்லை என்றால், வாங்கியதன் வரியைக் கழிக்கவும் இடமில்லை. அவர் கணக்கில் பல்பு 472 என்றே செலவாக ஏறும். ஒரே கடையில் ஒரே பல்பு, ஆனால் இரண்டு கணக்கு. ஐஸும் மீனும் இரண்டும் விற்பவர் பொதுச் செலவின் வரியைப் பங்கு பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

"முப்பது ரூபாய் வரிக்கு இவ்வளவு பாடா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். டீக்கடையைத் துரத்தாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பேரிங், மோட்டார், வயர் வாங்கும் இடத்தில் நம் எண்ணைச் சொல்லி பில் வாங்க ஒரு வாய் வார்த்தைதான் செலவு. வவுச்சரில் விலை, வரி, மொத்தம் என்று மூன்று கட்டம் போட்டு, பணம் கொடுக்கும் அன்றே எழுதிவிட வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து பிரிப்பவன் ஊகத்தில்தான் பிரிப்பான்.

இன்னும் ஒன்று. பெட்டியில் 1,430-க்குப் பதில் 1,410 இருந்தால், இருபது ரூபாய்க்கு ஒரு டீ வவுச்சர் எழுதிச் சரிக்கட்டாதீர்கள். 'ரொக்கக் குறைவு 20' என்று எழுதி, முதலாளி கையெழுத்து வாங்கி, 3,590-க்குச் செக் போடுங்கள். இருபது ரூபாய்க் குறைவு யாரையும் கெடுக்காது. பொய் வவுச்சர் எழுதிப் பழகிய கைதான் கெடுக்கும். மார்ச் 31 அன்று, பெட்டியை நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும், அதுவரை உள்ள வவுச்சர்களை அந்த வருஷச் செலவில் ஏற்றிவிட வேண்டும்.

முதலாளிகளுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். முழுத் தொகையாகக் கையில் திணிக்காதீர்கள். வவுச்சருக்குத் தக்க செக் கொடுங்கள். அது உங்கள் பணத்தைக் காப்பதைவிட, பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் பையனின் பெயரைத்தான் அதிகம் காக்கும்.