“என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்குது?”



இந்த மாதம் நான் செய்த ஒரு பிழையைப் பற்றித்தான் உங்களோடு கதைக்கப் போகிறேன். கேட்டால், இதெல்லாம் ஒரு பிழையா என்பீர்கள். நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு நாளும் செய்கிற காரியம்தான் அது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி இருக்கிறார். அவருடைய கணவர் 2009ஆம் ஆண்டு, யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். தாய் விடிய மூன்று மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டி, இடியப்பம் அவித்து, ஆறு மணிக்குள் இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்துவிடுவார். அதுதான் அந்த வீட்டின் வருமானம்.

ஒருநாள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். மகளுக்குக் கணிதம் கடினமாக இருந்தது. தனியார் வகுப்புக்குக் கட்டக் காசில்லை. பாடசாலையிலேயே மேலதிகமாகச் சொல்லிக் கொடுக்க வழியுண்டா என்று ஆசிரியரிடம் கேட்கவேண்டும். இதை எப்படிக் கேட்பதென்று அடுப்படியில் இருந்தே இரண்டு வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார். முகம் கழுவி, கொஞ்சம் பவுடர் பூசி, சிறிய பொட்டும் வைத்துக்கொண்டு வந்தார்.

பாடசாலை வாசலில் நான் கண்டேன். கண்டவுடன் வாயில் வந்ததைச் சொன்னேன். “என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்குது? நித்திரை கொள்ளேல்லையோ?”

“ஒண்டுமில்லை அக்கா” என்று சிரித்தார். உள்ளே போய்க் கடைசி வாங்கில் இருந்தார். கூட்டம் முடியும்வரை எழும்பவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்து நாட்களுக்குப் பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. இடியப்பம் வாங்கப் போனபோது அவரே சொன்னார். “நான் அண்டைக்குக் களைச்சிருக்கேல்லை அக்கா. கன நாளைக்குப் பிறகு நல்லா இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான். நீங்கள் சொன்ன உடனை எல்லாரும் என்ரை முகத்தைத்தான் பாக்கினம் எண்டமாதிரிப் போச்சு. எழும்பிக் கதைச்சால், உவள் அழுதிட்டு வந்திருக்கிறாள் எண்டு நினைப்பினம்.”

பரிவோடு சொன்ன ஒரு சொல் ஏன் இப்படிச் சுட்டது என்று எனக்கு அன்று முழுவதும் யோசனை.

எங்கள் முகத்தை எங்களால் பார்க்க முடியாது. மற்றவர்தான் அதைப் பார்க்கிறார். சேலை கசங்கியிருக்கிறது என்றால் குனிந்து பார்த்து நீவி விடலாம். முகம் வாடியிருக்கிறது என்றால் அந்த இடத்தில் நின்று என்ன செய்வது? இல்லை என்று வாதாடவும் முடியாது. ஆம் என்றால் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். ஒரு வாசலில் நாலுபேர் முன்னால் அதற்கு எப்படி விடை சொல்வது?

அதன் பிறகு, பார்க்காதவர்களும் பார்ப்பதுபோலத் தோன்றத் தொடங்கும். இது வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிடக்கூடியதல்ல. அமெரிக்காவில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1980ஆம் ஆண்டு ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். சிலருடைய முகத்தில் ஒரு பெரிய தழும்பை ஒப்பனையால் வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு ஒப்பனை காயாமல் இருக்க ஏதோ பூசுகிறோம் என்று சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலே தழும்பை அழித்துவிட்டார்கள். அவர்கள் தழும்பு இருப்பதாகவே எண்ணிக்கொண்டு போய் வேறொருவருடன் கதைத்தார்கள். திரும்பி வந்து, அவர் தழும்பைப் பார்த்ததால்தான் தங்களுடன் ஒருமாதிரி நடந்துகொண்டார் என்றார்கள். முகத்தில் அப்போது எதுவுமே இல்லை.

உண்மையான தழும்போடு வாழும் சகோதரிகள் இதைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. உங்களைச் சிலர் உற்றுப் பார்ப்பது உண்மைதான், அது உங்கள் கற்பனையல்ல. ஆனால் முகத்தில் குறை இருக்கிறது என்ற நினைப்பு ஒருமுறை ஏறிவிட்டால், சாதாரணப் பார்வையும் அதைத்தான் சொல்கிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தங்கச்சிக்கு அந்த நினைப்பை ஏற்றியது என் சொல்தான்.

இன்னொன்றும் உண்டு. நித்திரையில்லாத முகமும் கவலையான முகமும் பார்க்கிறவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். 10 பேரை நன்றாக நித்திரை கொண்ட பிறகும், நித்திரையில்லாமல் இருந்த பிறகும் படம் பிடித்து வேறு ஆட்களிடம் காட்டினார்கள். நித்திரையில்லாத முகத்தில் இமை தொங்கி, கண் சிவந்து வீங்கி, கீழே கருவளையம் விழுந்து, வாயின் ஓரம் சரிந்திருந்தது. பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் களைத்தவையாக மட்டுமல்ல, கவலை கொண்டவையாகவும் தெரிந்தன.

ஆகவே மூன்று மணிக்கு எழும்பி அடுப்புப் புகைக்குள் நின்ற கண்ணைப் பார்த்து, அழுத கண் என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம். எங்கள் ஊர்களில் அதோடு நின்றுவிடுவதுமில்லை. கணவரைத் தேடிக்கொண்டிருப்பவளின் முகம் வாடினால் “பாவம்” என்பார்கள். தெளிந்திருந்தால் “உவளுக்கு என்ன புதுசா?” என்பார்கள். பொட்டு வைத்தாலும் கதை, வைக்காவிட்டாலும் கதை. “வாடிக் கிடக்குது” என்று நான் சொன்னது நித்திரையைப் பற்றி. அவர் கேட்டதோ, “நீ எவ்வளவு முயன்றாலும் உன் துக்கம் வெளியே தெரிகிறது” என்பதை.

அப்படியானால் கண்டும் காணாமல் போவதா? இல்லை. சில களைப்பை அவசியம் கேட்கத்தான் வேண்டும். கொஞ்சத் தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கீழ் இமையின் உட்புறம் சிவப்பில்லாமல் வெளிறிக் கிடக்கிறது என்றால் அது குருதிச்சோகையாக இருக்கலாம். மாதவிடாய் கூடுதலாகப் போகிறவர்களுக்கு இது எளிதில் வரும். கிளினிக்கில் இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் இதை வாசலில் வைத்துச் சொல்லாமல் தனியே, ஆறுதலாக இருந்து கேளுங்கள். முகத்தைச் சொல்லாமல் உடம்பைக் கேளுங்கள். “நடக்கேக்கை மூச்சு வாங்குதோ?” என்றால் அவர் விடை சொல்லலாம். “வெளிறிப் போனாய்” என்றால் தலையைத்தான் குனியலாம்.

மற்றப்படி, அந்த நேரத்தில் அவரால் மாற்ற முடியாத எதையும் வாசலில் சொல்லாதிருப்பது நல்லது. “வாரும், இதிலை இரும்” என்று பக்கத்தில் இடம் கொடுத்தால் போதும்.

உங்களிடம் யாரும் அப்படிச் சொன்னால், “ஒண்டுமில்லை” என்று விழுங்காதீர்கள். அதைக் கேட்டவர் ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். காரணத்தை நீங்களே சிறிதாகச் சொல்லிக் கதையை முடித்துவிடுங்கள். “மூண்டு மணிக்கு எழும்பினனான் அக்கா, அதுதான். வாங்கோ, கூட்டம் துவங்கப் போகுது.” இதைச் சொன்ன பிறகு, உங்கள் முகத்துக்கு அவர் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அடுத்த கிழமை நாங்கள் இருவருமாகப் பாடசாலைக்குப் போனோம். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். அவர் உள்ளே போய்த் தன்னுடைய இரண்டு வசனங்களையும் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

நேற்று விடிய இடியப்பம் வாங்கப் போனேன். அவருடைய கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “அடுப்பு எரியுதோ, புகையுதோ?” என்று கேட்டேன்.

“விறகு ஈரம் அக்கா, ஒரே புகை” என்றார்.

வீட்டுக்கு வந்து, கூரைக்குக் கீழே காய வைத்திருந்த பாளையிலும் பொச்சிலும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.